அடியில் காற்று இருந்தால் டைல்ஸ் எழும்பும்

பினாங்கு, ஆயர் ஈத்தாமில் என் அக்காவின் அடுக்குமாடி வீட்டுக் கூடத்தில் ஒரு பிற்பகல் வேளையில் பட்டாசு வெடித்தாற்போன்ற ஓசை கேட்டது. ஓடிவந்து பார்த்தபோது, பால்கனியிலிருந்து வெயில் விழும் இடத்தில் இரண்டு டைல்ஸ் கூரைபோல் ஒன்றையொன்று சாய்த்துக்கொண்டு நின்றன. யாரும் எதையும் போட்டு உடைக்கவில்லை. மறுநாள் பார்க்க வந்த டைல்ஸ் போடும் தம்பி எழும்பிய ஒன்றைத் திருப்பிக் காட்டி, "அக்கா, அடியில ஒண்ணுமே ஒட்டல பாருங்க" என்றார். கடையில் வாங்கிய அன்று இருந்ததுபோலவே அதன் அடிப்பக்கம் துப்புரவாக இருந்தது. சிமெண்டு முழுவதும் தரையிலேயே தங்கிவிட்டிருந்தது.

அந்தக் கூடத்தின் நீளம் 5 மீட்டர் 41 சென்டிமீட்டர். முன்பு வேலை செய்தவர் 60 சென்டிமீட்டர் ஹோமோஜீனியஸ் டைல்ஸ் ஒன்பதை, இடையே ஒரு மில்லிமீட்டர் மட்டும் விட்டு, ஒன்றைக்கூட வெட்டாமல் சுவரிலிருந்து சுவர் வரை வைத்திருந்தார். மீந்த இரண்டு மில்லிமீட்டரையும் சிமெண்டு வைத்து அடைத்துவிட்டார். பார்க்க அது மிக நேர்த்தியாக இருந்தது. ஆனால் டைல்ஸ் அசைவதற்கு மயிரிழை இடமும் இல்லை.

அசைவு எங்கிருந்து வருகிறது? சிமெண்டுக் கலவை காய்ந்து இறுகும்போது மீட்டருக்கு ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் சுருங்கக்கூடும். ஆகவே 5.4 மீட்டர் நீளத்தில் இரண்டரை மில்லிமீட்டருக்கு மேல் குறையலாம். மேலே உள்ள டைல்ஸோ சுருங்குவதில்லை. வெயில் பட்டு 15 பாகை சூடேறினால் அதே நீளத்தில் அரை மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமாக விரியும். தரை குறுகி, டைல்ஸ் விரிந்து, இரு பக்கமும் சுவர் தடுக்கும்போது, நெருக்கம் மேல்நோக்கித்தான் தப்ப முடியும். அரை மில்லிமீட்டர் அற்பமாகத் தோன்றலாம். பக்கத்துப் பக்கத்தில் உள்ள இரண்டு 60 சென்டிமீட்டர் டைல்ஸுக்கு இடம் மொத்தம் ஒரு மில்லிமீட்டர் குறைந்தால், அவை சேரும் இடம் எவ்வளவு எழும்ப வேண்டும் என்று செங்கோண முக்கோணக் கணக்குப் போட்டால், ஏறத்தாழ 24 மில்லிமீட்டர் வருகிறது. அக்கா வீட்டில் எழும்பிய உயரமும் விரற்கடை அளவுதான் இருந்தது.

நன்றாக ஒட்டியிருந்தால் டைல்ஸ் இந்த நெருக்கத்தில் பெரும்பகுதியைத் தாங்கிக்கொள்ளும். ஆகவே இடைவெளி இல்லாமை, ஒட்டாமை என்ற இரண்டும் சேரும்போதுதான் தரை வெடிக்கிறது. இதில் ஒட்டாமையை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். ஏனெனில் வெற்றொலி எழுப்பும் டைல்ஸின் பிறப்பிடம் அதுவே.

பழைய முறையில், ஒரு பங்கு சிமெண்டுக்கு நான்கு பங்கு மணல் கலந்து, கையில் பிடித்தால் உருண்டையாக நிற்கும் அளவுக்கு மட்டும் நீர் தெளித்து, மூன்று நான்கு சென்டிமீட்டர் கனத்தில் பரப்பி, மேலே சிமெண்டுப் பால் ஊற்றி டைல்ஸை வைப்பார்கள். மேடுபள்ளமான தரையில் இந்த முறை மிகவும் கைகொடுக்கும். கலவையின் கனத்தைக் கூட்டிக் குறைத்தே மட்டம் பிடித்துவிடலாம். அதன் குறையும் அங்கேதான் இருக்கிறது. ஓரிடத்தில் இரண்டு சென்டிமீட்டர், இன்னோரிடத்தில் ஐந்து என்று கனம் மாறினால், சுருக்கமும் மாறும். சரியாக இடித்து இறுக்காத இடம் நாளடைவில் அமுங்கி, டைலுக்குக் கீழே காலியாகிவிடும். இன்னொரு சிக்கல் டைலிலேயே உள்ளது. நுண்துளை நிறைந்த பழைய செராமிக் டைல்ஸ் சிமெண்டுப் பாலை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். போர்சலின் வகையான ஹோமோஜீனியஸ் டைல்ஸோ தன் எடையில் 0.5 விழுக்காட்டுக்கு மேல் நீர் உறிஞ்சுவதில்லை. உறிஞ்சாத பரப்பில் வெறும் சிமெண்டு பிடிக்க வழியில்லை. திருப்பிப் பார்த்தபோது அடிப்பக்கம் ஏன் துப்புரவாக இருந்தது என்பதற்கு இதுவே காரணம்.

பாலிமர் கலந்த பசை இந்த இடத்தில்தான் உதவுகிறது. பையின் மேல் சி1, சி2 என்று வகை குறித்திருப்பார்கள். சி1 பசை ஒரு சதுர மில்லிமீட்டருக்குக் குறைந்தது 0.5 நியூட்டன் இழுவையைத் தாங்க வேண்டும். சி2 அதைப்போல் இரு மடங்கு. ஹோமோஜீனியஸ் டைல்ஸுக்கு சி2 வாங்குவதே என் கருத்தில் நியாயமானது. எனினும் சில மில்லிமீட்டர் கனமுள்ள பசை மேடுபள்ளத்தை நிரவாது. இரண்டு மீட்டர் நீளமுள்ள நேர்ப்பலகையை எல்லாத் திசையிலும் வைத்துப் பார்க்கும்போது, அடியில் மூன்று மில்லிமீட்டருக்கு மேல் வெளிச்சம் தெரிந்தால், முதலில் தரையைத்தான் சரிசெய்ய வேண்டும். புதிதாகப் பூசிய தளத்தைக் குறைந்தது மூன்று வாரமாவது காயவிட வேண்டும். சுருங்க வேண்டியதில் கணிசமான பகுதி டைல்ஸ் வைப்பதற்கு முன்பே சுருங்கி முடியட்டும்.

பசையைத் தடவும் முறையில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். ஐந்து இடத்தில் உருண்டையாக வைத்து டைலை அமுக்கினால், உருண்டைகளுக்கு நடுவே காற்று தங்கிவிடும். தட்டினால் மத்தளம் போல ஒலிக்கும். 10 அல்லது 12 மில்லிமீட்டர் பல் உள்ள கரணையால் ஒரே திசையில் நேர்கோடுகளாக இழுக்க வேண்டும். வட்டம் வட்டமாக இழுத்தால் காற்று வெளியேற வழியிருக்காது. டைலின் முதுகிலும் மெல்லிய பூச்சு தடவி, வரிகளுக்குக் குறுக்கே சற்று முன்னும் பின்னும் நகர்த்தி அமுக்கினால், வரிகள் சாய்ந்து ஒன்றோடொன்று கலக்கும். பினாங்கில் சன்னலைத் திறந்து மின்விசிறியையும் சுழலவிட்டால், பரப்பிய பசை எதிர்பார்த்ததைவிட விரைவில் மேலே ஆடை கட்டும். விரலால் தொட்டுப் பார்க்கும்போது பசை ஒட்டாவிட்டால், அதைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாகத் தடவ வேண்டும். வேலை நடக்கும்போதே அவ்வப்போது ஒரு டைலைப் பெயர்த்துத் திருப்பிப் பாருங்கள். கூடத்தில் முதுகின் 80 விழுக்காட்டுக்குக் குறையாமலும், குளியலறையில் 95 விழுக்காட்டுக்குக் குறையாமலும் பசை படிந்திருக்க வேண்டும். நான்கு மூலைகளிலும் கட்டாயம் படிந்திருக்க வேண்டும்.

அக்காவின் கூடத்தில் இம்முறை மூன்று மில்லிமீட்டர் ஸ்பேசர் வைத்து, இரு சுவர்களின் ஓரத்திலும் ஆறு மில்லிமீட்டர் விட்டார்கள். எட்டு முழு டைல்ஸ், எட்டு இடைவெளி, கடைசியில் 574 மில்லிமீட்டருக்கு வெட்டிய ஒரு துண்டு என்று கணக்குச் சரியாக அமைந்தது. சுவரோர இடைவெளியில் சிமெண்டு விழாமல் பார்த்துக்கொண்டார்கள். சுவரடிப் பட்டை அதை மறைத்துவிடுகிறது. எட்டுப் பத்து மீட்டரைத் தாண்டும் பெரிய கூடமாக இருந்தால், நடுவிலும் சிலிக்கோன் போன்ற நெகிழும் பொருள் நிரப்பிய கோடு ஒன்று வேண்டியிருக்கும்.

டைல்ஸ் இடைவெளியை அடைக்கும் கிரவுட் போடுவதற்கு முன், பசை இறுகிய மறுநாள், அந்தத் தம்பி ஒரு நாணயத்தால் ஒவ்வொரு டைலின் நடுவிலும் மூலைகளிலும் தட்டிக்கொண்டே போனார். நிறைந்த இடத்தில் ஒலி கெட்டியாகவும் குறுகலாகவும் இருந்தது. சமையலறை வாசலருகே ஒரு டைல் மட்டும் நடுவில் கூடாக ஒலித்தது. ஒரு மூலையில் சிறிதளவு கூடாக ஒலிப்பதை விட்டுவிடலாம், நடுவில் உள்ளங்கையளவு ஒலித்தால் விடக்கூடாது என்று சொல்லி, அதில் நாடா ஒட்டி அடையாளம் வைத்து, அன்றே பெயர்த்து எடுத்து வேறொன்று வைத்தார்.