சொல் விளக்கம்: அம்பிகியூற்றி – கவர்படுபொருள்

மென்பொருள் ஒன்று எப்படி இயங்க வேண்டும் என்று வாடிக்கையாளர் கேட்பதை எழுத்தில் வடிக்கும் ஆவணத்தை நம்மவர்கள் ‘றிக்குவயர்மென்ற் டொக்கியுமென்ற்’ என்பார்கள். இலங்கையின் அரச வழக்கில் அதற்குத் தேவைப்பாட்டு ஆவணம் என்ற சொற்றொடர் இயல்பாகப் பொருந்துகிறது. நிரல் ஒரு வரிகூட எழுதப்படுவதற்கு முன் அந்த ஆவணத்தை வரிவரியாக வாசித்து, பொருள் ஐயத்துக்கு இடமான இடங்களையும் சொல்லாமல் விடப்பட்ட நிலைமைகளையும் தேடும் வேலையைத் தேவைப்பாட்டு மீளாய்வு எனலாம். அந்த வேலையில் நாள்தோறும் அடிபடும் சொல் ‘அம்பிகியூற்றி’ என்பதாகும். அதைப் பலர் ‘தெளிவின்மை’ என்று மொழிபெயர்க்கிறார்கள். அந்த மொழிபெயர்ப்பு பிழையானது என்பதும், அந்தப் பிழை வாசிக்கும் முறையையே திசைமாற்றிவிடுகிறது என்பதும் என் கருத்து.

ஆங்கிலச் சொல்லின் வேர் இலத்தீனில் உள்ளது. ‘அம்பி’ என்றால் இருபுறமும், ‘அகெரே’ என்றால் ஓட்டுதல். இரண்டும் சேர்ந்த ‘அம்பிகெரே’ என்ற வினை, இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ என்று துணியாமல் அலைவதைக் குறித்தது. ஆகவே சொல்லின் உள்ளே இருப்பது மூடுபனி அன்று, பிரியும் பாதை. இரண்டு பாதைகளும் தனித்தனியே நன்றாகவே தெரிகின்றன, எதில் போவது என்பதுதான் சொல்லப்படவில்லை. தெளிவின்மை வேறு. ‘தொகுதி விரைவாகப் பதில் தர வேண்டும்’ என்று ஆவணத்தில் இருந்தால், விரைவு என்பது எத்தனை செக்கன் என்று வாசிக்கும் எவரும் உடனே கேட்பார்கள். தெளிவின்மை தன்னைத் தானே காட்டிக்கொடுக்கும். பிரியும் பாதையோ அப்படிக் காட்டிக்கொடுப்பதில்லை. வாசிப்பவர் தமக்குத் தெரிந்த பாதையில் நேரே போய்விடுகிறார், மற்றப் பாதை அவர் கண்ணிலேயே படுவதில்லை. இரண்டு பேர் ஒரே வசனத்தை வாசித்து, இருவரும் ‘விளங்கிவிட்டது’ என்று சொல்லி, இருவரும் வேறு வேறு பொருளுடன் எழுந்து போவது இப்படித்தான்.

இந்த வேறுபாட்டுக்குத் தமிழில் பழைய சொல் இருக்கிறது. தண்டியலங்காரம் செய்யுளின் வழுக்களைச் சொல்லுமிடத்தில் ‘கவர்படு பொருள்மொழி’ என்ற ஒன்றைச் சொல்கிறது. ஒரு தொடர் ஒரு பொருளைத் துணிந்து உணர்த்தாமல் பல பொருளுக்கு இடங்கொடுத்து ஐயுற வைப்பதே அந்த வழு. கவர் என்பது பிரிவு. கவர்விட்ட கிளை, கவர்த்த வழி என்றெல்லாம் சொல்கிறோம். இலத்தீன் சொல்லின் உள்ளே இருக்கும் அதே படம் இதிலும் இருக்கிறது. ‘கவர்பொருள்’ என்று சுருக்கிக்கொள்ளலாமே என்று ஒருவர் கேட்கலாம். ஆனால் அந்தச் சொல் ‘கவர்ந்த பொருள்’ என்றும் விரியும். ஐயத்துக்குப் பெயராக வைக்கும் சொல்லே ஐயத்துக்கு இடமாகிவிடக் கூடாது. எனவே ‘படு’ என்பதை விடாமல் கவர்படுபொருள் என்றே வழங்குவது நல்லது.

ஓர் எடுத்துக்காட்டை அருகில் வைத்துப் பார்ப்போம். யாழ்ப்பாணத்திலிருந்து ஏ9 வீதி வழியாகக் கொழும்புக்கு இரவில் ஓடும் பேருந்துக்கு ஆசன முற்பதிவுத் தொகுதி ஒன்று செய்ய வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஆவணத்தில் ஒரு வாசகம் இவ்வாறு இருக்கிறது: ‘பயண நாளுக்கு முந்திய நாள் வரை பயணச்சீட்டை இரத்துச் செய்யும் பயணிக்குக் கட்டணத்தின் 75 வீதம் திருப்பிக் கொடுக்கப்படும்.’ எழுத்துப்பிழை இல்லை, கடினமான சொல் இல்லை, படித்தவுடன் விளங்குகிறது. அந்த விளக்கத்தை நம்பி அடுத்த வரிக்குப் போகாமல், நேரங்களையும் தொகையையும் போட்டுப் பார்க்க வேண்டும்.

பேருந்து 14ஆந் திகதி இரவு 9 மணிக்கு யாழ்ப்பாணத்தில் புறப்படுகிறது. வவுனியாவுக்கு நள்ளிரவு கடந்து 12.15க்கு வருகிறது. அங்கே ஏறுவதற்காக ஒருவர் 2,000 ரூபாய் கட்டிப் பதிந்திருக்கிறார். 14ஆந் திகதி இரவு 7 மணிக்கு இரத்துச் செய்கிறார். அவர் ஏறும் நேரத்தில் நாட்காட்டி 15க்கு மாறிவிட்டதால், அவருடைய பயண நாள் 15 என்று ஒருவர் வாசிப்பார். அந்த வாசிப்பில் பயணிக்கு 1,500 ரூபாய் திரும்பக் கிடைக்க வேண்டும். பேருந்து புறப்பட்டது 14ஆந் திகதி, அதுதான் பயண நாள் என்று இன்னொருவர் வாசிப்பார். அந்த வாசிப்பில் பயணிக்கு ஒரு சதமும் இல்லை. ‘வரை’ என்ற சொல்லிலும் ஒரு கவர் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் ஏறவிருக்கும் ஒருவர் 13ஆந் திகதி இரவு 8 மணிக்கு இரத்துச் செய்தால், முந்திய நாள் முடியும் வரை அவகாசம் உண்டு என்று கொள்வோருக்கு அவர் தகுதியுடையவர். முந்திய நாள் தொடங்கும் வரைதான் என்று கொள்வோருக்கு அவர் பிந்திவிட்டவர். தமிழில் ‘வரை’, ‘முதல்’, ‘க்குள்’ ஆகியவை வந்த இடமெல்லாம் எல்லை உள்ளே அடங்குமா, வெளியே நிற்குமா என்று கேட்டுவிடுவது இவ்வேலையில் இருப்போருக்குக் கைவந்த பழக்கம்.

நிரலுக்கு இந்த ஐயம் எதுவும் இருக்காது. எழுதுபவர் கீழுள்ள இரண்டில் ஒன்றை எழுதுவார், இரண்டும் பிழையின்றி இயங்கும்:

```
cancelled_at.date() < trip.departure_date
cancelled_at.date() < booking.boarding_time.date()
```

முதல் வரியில் வவுனியாப் பயணிக்குப் பணம் இல்லை, இரண்டாவதில் உண்டு. பேருந்து உரிமையாளர் எடுக்க வேண்டிய தீர்மானத்தை நிரலாளர் தாம் அறியாமலே எடுத்துவிடுகிறார். பிறகு சோதிப்பவரும் அதே வாசிப்புடன் வந்தால், சோதனையும் தேறிவிடும். முதற் பயணி முறைப்பாடு செய்யும் வரை அது தெரியவராது.

ஆகவே கவர்படுபொருளைத் தேடும் முறை, வசனத்தை உற்றுப் பார்ப்பது அன்று. எத்தனை முறை உற்றுப் பார்த்தாலும் ஒருவருக்குத் தன் பாதைதான் தெரியும். ஒரே வாசகத்தை இரண்டு அல்லது மூன்று பேரிடம் தனித்தனியே கொடுத்து, மேலே செய்ததுபோல ஒரு குறிப்பிட்ட பயணியின் கணக்கைத் தொகையுடன் எழுதித் தரச் சொல்ல வேண்டும். கலந்து பேச விடக் கூடாது. பேசினால் உரத்துச் சொல்பவரின் வாசிப்பு மற்றவர்களுடையதை விழுங்கிவிடும். ஒருவர் தாளில் 1,500 என்றும் மற்றவர் தாளில் பூச்சியம் என்றும் இருந்தால் கவர் அகப்பட்டது. உரிமையாளரிடம் கேட்கும்போதும் ‘இந்த வாசகம் தெளிவாக இருக்கிறதா’ என்று கேட்பதில் பயன் இல்லை. அவருக்கு அது எழுதும்போதே தெளிவு. வவுனியாவில் 12.15க்கு ஏறுபவரின் கதையைச் சொல்லிக் கேட்டால், ‘பஸ் இஞ்சையிருந்து எந்த நாள் வெளிக்கிடுதோ, அதுதான் நாள் தம்பி, லிஸ்ற் அந்தத் திகதியிலைதானே எழுதுறது’ என்று ஒரு வரியில் பதில் வந்துவிடும். அந்தப் பதிலோடு ஆவணத்தில் சொல்லவே சொல்லாத ஒரு தகவலும் சேர்ந்து வந்திருக்கிறது: நடத்துநரின் பெயர்ப்பட்டியல் புறப்படும் திகதியில் எழுதப்படுகிறது.

அந்த நாளுக்கு ஒரு பெயர் வேண்டும். பொதுப் போக்குவரத்து அட்டவணைகளைப் பரிமாற உலகெங்கும் பயன்படும் GTFS என்ற கோப்பு வடிவத்தில் ‘சேவை நாள்’ என்ற கருத்து இருக்கிறது. அதில் நள்ளிரவு கடந்த நிறுத்தத்தின் நேரம் அடுத்த நாளின் 00:15:00 என்று எழுதப்படாமல், அதே சேவை நாளின் 24:15:00 என்று எழுதப்படும். வவுனியா 12.15க்கும் அதுவே பொருந்தும். சேவை நாள் என்பதை ஆவணத்தின் தொடக்கத்தில் ஒருமுறை வரையறுத்துவிட்டு, ‘பயண நாள்’ என்று வரும் இடமெல்லாம் அந்தச் சொல்லை மட்டும் பயன்படுத்தினால், வாசகம் இவ்வாறு திருந்தும்: ‘சேவை நாளுக்கு முந்திய நாள் 23:59:59 அல்லது அதற்கு முன்னர் இரத்துச் செய்யும் பயணிக்கு, அவர் எங்கே ஏறினாலும், கட்டணத்தின் 75 வீதத்தை உரிமையாளர் திருப்பிக் கொடுக்க வேண்டும்.’ ‘கொடுக்கப்படும்’ என்ற செயப்பாட்டு வினை ‘கொடுக்க வேண்டும்’ என்று மாறியதையும், கொடுப்பவர் யார் என்பது வசனத்துக்குள் வந்ததையும் கவனிக்கலாம். 1997இல் வெளிவந்த RFC 2119 என்ற இணைய ஆவணம், கட்டாயம், பரிந்துரை, விருப்பம் ஆகிய மூன்றையும் குறிக்கும் ஆங்கிலச் சொற்களை வரையறுத்துக் கொடுத்தது இதே காரணத்துக்காகத்தான். தமிழில் ‘கொடுக்கலாம்’ என்பது அனுமதியையும் குறிக்கும், உரிமையாளரின் விருப்பத்தையும் குறிக்கும் என்பதால் நமக்கு அந்தக் கவனம் இன்னும் கூடுதலாகவே வேண்டும்.

சொல்லாமல் விடப்பட்ட நிலைமை இன்னொரு வகை வழு. நன்னூல் சொல்லும் பத்துக் குற்றங்களில் முதலாவதான ‘குன்றக் கூறல்’ இதற்கு நேரான பெயர். நல்லூர் ஆறுமுக நாவலர் நன்னூலுக்குக் காண்டிகையுரை எழுதியவர் என்பதால், யாழ்ப்பாணத்தில் இலக்கணம் படித்தவர்களுக்கு இது புதிய சொல்லாக இராது. கவர்படுபொருளில் சொல் இருக்கிறது, பொருள் பிரிகிறது; குன்றக் கூறலில் சொல்லே இல்லை. இல்லாததைத் தனித்தனியாக வாசிக்கக் கொடுத்துக் கண்டுபிடிக்க முடியாது. அதற்குக் கட்டம் போட வேண்டும்.

அதே ஆவணத்தின் இன்னொரு வாசகம்: ‘தனியே பயணிக்கும் பெண்ணின் பக்கத்து ஆசனம் பெண்ணுக்கே வழங்கப்படும்.’ பக்கத்து ஆசனத்தில் ஏற்கெனவே பதிந்திருப்பவர் தனிப் பெண், தனி ஆண் என இரு வகை. இப்போது பதிய வருபவரும் அவ்வாறே இரு வகை. நான்கு கட்டங்கள். முதலில் பெண் இருந்து அடுத்து வருபவர் பெண் என்றால் வழங்கலாம், ஆண் என்றால் வழங்கக் கூடாது. இருவரும் ஆண் என்றால் இந்த வாசகத்துக்கு வேலை இல்லை. நான்காவது கட்டத்தில் ஆண் முதலில் பதிந்துவிட்டார், கடைசியாக மிஞ்சிய ஒரே ஆசனத்தைப் பெண் கேட்கிறார். வாசகத்தைச் சொல்லுக்குச் சொல் எடுத்துக்கொண்டால் அவருக்கு ஆசனம் மறுக்கப்படும்; அவரைப் பாதுகாக்க எழுதிய விதி, ஆசனம் காலியாக இருக்க அவரை வீதியில் விட்டுவிடும். எழுதியவர் இதை எண்ணியிருக்க மாட்டார் என்பது கட்டத்தைப் போட்டவுடன் தெரிகிறது. பக்கத்தில் இருப்பவர் ஆண் என்று திரையில் காட்டி, தெரிவை அந்தப் பெண்ணிடமே விடுவது ஒரு வழி. ஆனால் அதையும் உரிமையாளரே சொல்ல வேண்டும், வாசிப்பவர் ஊகித்து நிரப்பக் கூடாது.

கட்டத்துக்குள் அடங்காத ஒன்று இருக்கிறது. அது காலத்தால் வருவது. பதியும்போது இருந்த நிலைமை பிறகு மாறுமா என்று ஒவ்வொரு விதியிடமும் கேட்க வேண்டும். அக்காவும் தம்பியும் சேர்ந்து இரண்டு ஆசனம் பதிகிறார்கள். அக்கா தனியே பயணிப்பவர் அல்லர், ஆகவே விதி அவரைத் தொடவில்லை. அடுத்த நாள் தம்பி தன் சீட்டை மட்டும் இரத்துச் செய்கிறார். அந்த ஆசனம் மறுபடியும் விற்பனைக்கு வருகிறது. அக்கா இப்போது தனியே பயணிக்கும் பெண்ணா, அந்தத் தகுதி பதியும் நேரத்தில் ஒருமுறை கணிக்கப்படுவதா, ஆசனம் விற்கப்படும் ஒவ்வொரு முறையும் கணிக்கப்படுவதா? திருத்திய ஆவணத்தில் இந்தக் கேள்வி அக்காவின் கதையோடும் ஆசன இலக்கங்களோடும் எழுதப்பட்டு, அதன் கீழ் உரிமையாளரின் பதிலுக்காக ஒரு வெற்று வரி விடப்பட்டிருக்கும். அந்த வரி நிரம்பும் வரை ஆசனம் ஒதுக்கும் பகுதிக்கு யாரும் நிரல் எழுதத் தொடங்குவதில்லை.