வங்கிக்குத் தெரிந்த எண்ணும் ஊருக்குத் தெரிந்த எண்ணும்

இணையப் பாதுகாப்பு ஆலோசகராக இருக்கும் என்னிடம் சென்ற ஆண்டு ஓர் அம்மையார் வந்தார். வீட்டிலிருந்தபடியே ஆரி வேலைப்பாட்டு ரவிக்கைகள் தைத்து, ஃபேஸ்புக் வழியாக ஆர்டர் எடுப்பவர். வங்கியிலிருந்து பேசுவதாகச் சொன்ன ஒருவரிடம் ஓடிபி எண்ணைச் சொல்லி, 38,500 ரூபாயை இழந்திருந்தார். அன்று மாலையே 1930 என்ற எண்ணுக்கு அழைத்துப் புகார் செய்தும், அதில் ஒரு பகுதியைத்தான் முடக்க முடிந்தது. "ஓடிபி சொல்லக்கூடாது என்று எனக்கும் தெரியும் சார். ஆனால் அவர் என் முழுப்பெயர், வீட்டுக்காரர் பெயர், பிறந்த தேதி எல்லாவற்றையும் அவரே சொன்னார். வங்கிக்காரர் தவிர வேறு யாருக்கு அதெல்லாம் தெரியும்?" என்று கேட்டார்.

அவருடைய பக்கத்தை, அவர் கணக்கில் நுழையாமல், வெளியாள் பார்ப்பதுபோல் அவருடன் சேர்ந்தே பார்த்தேன். அறிமுகப் பகுதியில் கைப்பேசி எண் இருந்தது. வாடிக்கையாளர் அழைக்க வேண்டும் என்பதால் அவரே வைத்தது. பிறந்த தேதியை அவர் எங்கும் எழுதவில்லை. ஆனால் ஒவ்வோர் ஆண்டும் ஒரே நாளில் உறவினர்கள் எழுதிய வாழ்த்துகள் வரிசையாக இருந்தன. பிறந்த ஆண்டையோ, ஐம்பது வயது நிறைவை ஒட்டி மகன் போட்ட கேக் படமே சொல்லிவிட்டது. வீட்டுக்காரர் பெயர் திருமண நாள் பதிவில் கிடைத்தது. புதிய ரவிக்கைகளை மேசையில் பரப்பி எடுத்த ஒரு படத்தின் ஓரத்தில், வங்கி கொடுத்த க்யூஆர் அட்டை வங்கியின் பெயர் தெரிய நின்றது. எல்லாவற்றையும் எடுக்க எங்களுக்கு இருபது நிமிடம்கூட ஆகவில்லை.

பலரும் தொலைபேசி எண்ணையும் பிறந்த தேதியையும் ஒரே தட்டில் வைத்து, காட்டலாமா கூடாதா என்று கேட்கிறார்கள். இரண்டின் தன்மையும் வேறு. எண் பறிபோனால், சிரமப்பட்டாவது மாற்றிக்கொள்ளலாம். பிறந்த தேதியை மாற்ற முடியாது; ஆனாலும் நம் நாட்டில் அது கடவுச்சொல்லாகவே பயன்படுகிறது. தரவிறக்கம் செய்யும் இ-ஆதார் கோப்பைத் திறக்க, பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்துகளும் பிறந்த ஆண்டும் போதும். மீனாட்சி என்ற பெயரில் 1974இல் பிறந்தவருக்கு அது `MEEN1974`. இ-பான் கோப்பு பிறந்த நாள், மாதம், ஆண்டு சேர்ந்த எட்டு இலக்கத்தால் திறக்கும். ஜெராக்ஸ் கடைக் கணினியில் அச்செடுத்துவிட்டு அழிக்க மறந்த கோப்பு, பிறந்த ஆண்டு தெரிந்தவர் கையில் பூட்டில்லாத பெட்டிதான்.

ஆகவே பிறந்த தேதியைப் பொறுத்தவரை நான் சொல்வது கறாரானது: ஆண்டு யாருக்கும் தெரிய வேண்டியதில்லை. ஃபேஸ்புக்கில் நாளுக்கும் ஆண்டுக்கும் தனித்தனியே பார்வையாளரைத் தேர்ந்தெடுக்கலாம். வாழ்த்து வேண்டுமென்றால் பிறந்த நாளை `Friends` என்றும், ஆண்டை `Only me` என்றும் வையுங்கள். அதோடு வேலை முடிவதில்லை. மற்றவர்கள் உங்கள் பக்கத்தில் எழுதிய பழைய வாழ்த்துகளை நீக்க வேண்டும்; பிறர் உங்களை இணைத்துப் போடும் பதிவுகள் உங்கள் ஒப்புதலுக்குப் பிறகே பக்கத்தில் தோன்றுமாறு அமைக்க வேண்டும். அறுபதாம் கல்யாணப் படங்களை எல்லோரும் பார்க்கப் போடும் குடும்பங்களிடமும் இதைச் சொல்லிவருகிறேன். அந்த ஒரு படத்திலேயே பிறந்த ஆண்டு அடங்கிவிடுகிறது.

எண்ணின் நிலை சற்றுச் சிக்கலானது. எண்ணைக் காட்டுவது ஓர் அமைப்பு. எண்ணைக் கொண்டு உங்களைத் தேடிக் கண்டுபிடிக்க விடுவது வேறோர் அமைப்பு. முதலாவதை மூடியவர்களில் பெரும்பாலோர் இரண்டாவதைப் பார்த்ததே இல்லை. 2021 ஏப்ரலில் ஃபேஸ்புக் பயனர்கள் 53 கோடிக்கும் மேற்பட்டவர்களின் விவரங்கள் வெளியே வந்தபோது, அவை எடுக்கப்பட்ட வழி இதுதான். கைப்பேசித் தொடர்புகளைப் பதிவேற்றி நண்பர்களைத் தேடும் வசதியில், கணக்கற்ற எண்களை வரிசையாகச் செலுத்தி, எந்த எண் யாருடையது என்று 2019க்குள்ளாகவே திரட்டிவிட்டார்கள். எண்ணைத் தம் பக்கத்தில் காட்டாதவர்களும் அதில் இருந்தார்கள். அதற்காக 2022 நவம்பரில் அயர்லாந்தின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் மெட்டா நிறுவனத்துக்கு 26.5 கோடி யூரோ அபராதம் விதித்தது. ஆனால் வெளியேறிய எண்கள் வெளியேறியவைதான்.

உங்கள் பக்கம் பிறர் கண்ணுக்கு எப்படித் தெரிகிறது என்று `View As` காட்டும். இந்தத் தேடல் அனுமதி அதில் தெரியாது. அமைப்புகளுக்குள் `How people find and contact you` என்ற பகுதிக்குச் சென்று, தொலைபேசி எண்ணுக்கும் மின்னஞ்சலுக்கும் தனித்தனியே மாற்ற வேண்டும்.

தொழில் செய்பவர் எண்ணை மறைத்தால் பிழைப்பு என்னாவது என்ற கேள்வி நியாயமானது. அந்த அம்மையாரும் முதலில் அதைத்தான் கேட்டார். அவருடைய எண் ஆறு ஆண்டுகளாகப் பக்கத்திலும், விலைப்பட்டியலிலும், வாடிக்கையாளர்களின் கைப்பேசிகளிலும் இருக்கிறது. இனி அதை மறைத்துப் பயனில்லை. எனவே எண்ணை மறைப்பதற்குப் பதிலாக, அந்த எண்ணிலிருந்து வங்கியைப் பிரித்துவிடலாம் என்றேன். புதிதாக ஒரு சிம் வாங்கி, வங்கிக் கணக்கு, ஆதார், முதன்மை மின்னஞ்சல் மூன்றையும் அதற்கு மாற்றினார். ஆதாருக்காகச் சேவை மையத்துக்கும், வங்கிக்காகக் கிளைக்கும் நேரில் போக வேண்டியிருந்ததால், எல்லாம் முடிய இரண்டு வாரம் ஆனது. பழைய எண் வாட்ஸ்அப் பிசினஸ் செயலியோடு ஆர்டருக்கு மட்டும் என்றானது. இதை மாற்றிச் செய்து, பலரும் அறிந்த எண்ணை வங்கியிடம் விட்டுவிட்டுப் புதிய எண்ணை விளம்பரம் செய்பவர்களுக்குப் பாதுகாப்பு எதுவும் கூடுவதில்லை.

இதில் இரண்டு இடங்களில் தவறு நேர்கிறது. யுபிஐ வங்கியில் பதிவான எண்ணில்தான் இயங்கும் என்பதால், அதுவும் புதிய எண்ணுக்குப் போய்விடும். சில செயலிகள் கைப்பேசி எண்ணையே யுபிஐ முகவரியாக வைத்துவிடுகின்றன. அதை அப்படியே க்யூஆர் அட்டையில் அச்சிட்டால், மறைக்க நினைத்த எண்ணைக் கடை வாசலிலேயே எழுதி வைத்ததாகிவிடும். எண் இல்லாத, எழுத்துகளால் ஆன முகவரியை உருவாக்கிக்கொண்ட பிறகே புதிய அட்டை அச்சிட வேண்டும். அடுத்தது, வெளியே தெரியாத எண் என்பதால் ரீசார்ஜ் செய்ய மறந்துவிடுவது. 90 நாள் பயன்பாடே இல்லாமல் கிடந்தால் எண் முடக்கப்படலாம். பின்னர் அது வேறொருவருக்கு ஒதுக்கப்பட்டால், உங்கள் வங்கியின் ஓடிபி அவருக்குப் போகும். வங்கி எண்ணுள்ள சிம்மை, வீட்டில் தினமும் சார்ஜ் ஏற்றப்படும் கைப்பேசியில் போட்டு வைக்கச் சொல்கிறேன்.

மாற்றி நான்கு மாதம் கழித்து அவர் என்னை அழைத்தார். மீண்டும் வங்கியிலிருந்து என்று ஓர் அழைப்பு வந்ததாம். அதே முழுப்பெயர், அதே பிறந்த தேதி, முன்னைவிட மரியாதையான குரல். ஆனால் அழைப்பு வந்தது பழைய எண்ணுக்கு. "எங்க வங்கிகிட்ட இப்ப இந்த நம்பரே இல்லையே சார். அதனால பேசவே விடல, வச்சிட்டேன்" என்றார்.