வலது ஓரம் போனால் மட்டும் அறுந்துபோகும் வயர்

என் முப்பரிமாணப் பிரிண்டர் ஒரு மாதமாக ஒரே மாதிரி அடம்பிடித்தது. ஒரு மணி நேரம் ஒழுங்காக அச்சிடும். திடீரென்று நின்று, திரையில் `MINTEMP` என்று காட்டும். தலைப்பகுதி நன்றாகச் சுட்டுக்கொண்டிருக்கும்போதே "வெப்பம் மிகக் குறைவு" என்கிறது இயந்திரம். அணைத்துப் போட்டால் சரியாகிவிடும். மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தால் எல்லாம் சுத்தமாக இருக்கும்.

தலைப்பகுதியின் சூட்டை அளப்பது தெர்மிஸ்டர் என்ற சின்ன மணி. சூடு ஏற ஏற அதன் மின்தடை குறையும்: 25 டிகிரியில் ஒரு லட்சம் ஓம், 200 டிகிரியில் சில நூறு ஓம். வயர் அறுந்தால் தடை எல்லையில்லாமல் உயரும். பிரிண்டருக்கு அது உறைகுளிராகத் தெரியும். அதனால்தான் அந்தச் செய்தி.

அறுந்த வயர் ஏன் அறுந்தே இருக்கவில்லை? வயரை வளைத்தால் வளைவின் வெளிப்புறம் நீளும், உட்புறம் சுருங்கும். 10 மி.மீ. ஆரத்தில் வளைத்தால், அரை மி.மீ. தடிமனுள்ள ஒற்றைக் கம்பியின் வெளிப்பரப்பு 2.5 சதவீதம் நீள்கிறது. 0.1 மி.மீ. இழைக்கு அரை சதவீதம்தான். அசையும் இடத்தில் மெல்லிய பல இழை வயர் போடுவது இதற்காகத்தான். ஆனால் தலை இரண்டு நொடிக்கு ஒரு முறை போய்வந்தால் 100 மணி நேரத்தில் 1,80,000 வளைவுகள். செம்பு இதைக் கணக்கு வைத்துக்கொள்ளும். பரப்பில் ஒரு விரிசல் விழும், ஒவ்வொரு வளைவிலும் கொஞ்சம் உள்ளே போகும், கடைசியில் இழை ஒவ்வொன்றாக அறும். மேலுறை மட்டும் முழுசாக இருக்கும். அது முறிந்த முனைகளைச் சேர்த்தே பிடித்திருப்பதால் வயர் தளர்ந்திருக்கும்போது தொடர்பு இருக்கும், இழுபட்டால் விலகும்.

குளிர்ந்த நிலையில் மீட்டர் பொய் சொல்வதற்கும் காரணம் உண்டு. அரைகுறையாக முறிந்த வயர் கூடுதலாக 50 ஓம் சேர்க்கிறது என்று வைத்துக்கொள்வோம். அறைச்சூட்டில் உள்ள லட்சத்துச் சொச்சத்தில் அது தெரியாது. 200 டிகிரியில் சில நூறு ஓமோடு சேரும்போது காட்டும் வெப்பம் ஐந்தாறு டிகிரி குறைந்துவிடும். அதை நம்பி பிரிண்டர் இன்னும் சூடேற்றும். மீட்டரின் எண் திரையும் நொடிக்கு இரண்டு மூன்று முறைதான் மாறும். கண நேர முறிவை அது தவறவிட்டுவிடும்.

அதனால் சூடாக, அசையும்போதே தேட வேண்டும். கணினியை இணைத்து, பிரிண்டருக்குள் ஓடும் மார்லின் மென்பொருளுக்கு இதை அனுப்பினேன்:

```
G28
G1 Z30
M104 S200
M155 S1
G1 X10 F3000
G1 X210 F3000
```

`M155 S1` நொடிக்கொரு முறை வெப்பத்தை அனுப்பும். சூடு நிலைத்தபின், தலையை இடமும் வலமும் ஓட்டும் கடைசி இரண்டு வரிகளை மாறி மாறி அனுப்பினேன். வலது ஓரத்தை நெருங்கும்போதெல்லாம் 200 என்பது 194, 191 என்று இறங்கியது. இடதுபுறம் வந்ததும் மீண்டது. ஹீட்டர் கெட்டிருந்தால் வெப்பம் இப்படி ஒரு நொடியில் துள்ளாது, இது வயர்தான்.

தலையை வலது ஓரத்தில் நிறுத்தி, சூடான பாகத்தில் கைபடாமல், கேபிளை விரல்நுனியால் அங்குலம் அங்குலமாக லேசாக அசைத்துக்கொண்டே வந்தேன். தலைப்பகுதிக்கு அருகில், கேபிள் டை இறுகக் கட்டிய இடத்தில் எண் தாறுமாறாகத் துள்ளியது. மின்சாரத்தை அணைத்து, குளிரவிட்டு, அந்த வயரை வளைத்தால் அந்த இடத்தில் மட்டும் கீல் போட்டதுபோல் மடங்கியது. உறையைச் சீவிப் பார்த்தால் ஏழு இழையில் ஒன்று மட்டும் பிடித்துக்கொண்டிருந்தது.

முறிவு பெரும்பாலும் இப்படி விறைப்பும் நெகிழ்வும் சந்திக்கும் இடத்தில்தான் வரும்: டையின் விளிம்பு, கிரிம்ப் முனை, சால்டர் இழைகளுக்குள் ஊறிக் கெட்டியான இடம். அதனால் அங்கேயே ஒட்டுப்போட்டு விடுவது வீண். சால்டர் போட்ட இடம் விறைத்து, அதன் விளிம்பில் அடுத்த முறிவு தொடங்கும்.

நான் அசையும் பகுதிக்கு முழுவதும் புதிய, மெல்லிழை சிலிக்கான் வயர் போட்டேன். தலையில் ஒரு பிடி, சட்டத்தில் ஒரு பிடி. நடுவில் எதுவும் கட்டவில்லை. தலை கடைசி ஓரம் போனாலும் இழுபடாத அளவுக்கு நீளம் விட்டு, வளைவின் ஆரம் கேபிள் தடிமனைப்போல் பத்து மடங்காவது இருக்கும்படி அகலமான வளையமாக்கினேன். பிடியிலிருந்து கனெக்டர் வரை வயர் அசையவே கூடாது. இரண்டு வயரையும் தளர்வாக முறுக்கினால் ஒரே வயர் எப்போதும் வளைவின் வெளிப்புறத்தில் மாட்டிக்கொள்ளாது.

பழைய கேபிளில் பயன்படுத்தாத உதிரி வயர் ஒன்று இருந்தது. புதிய வயர் போடும் முன் அதற்கு மாற்றி, பாதியில் நின்ற வேலையை முதலில் முடித்துக்கொண்டேன். அதோடு சரி. அந்த உதிரி வயரும் அதே டைக்குள் அதே எண்ணிக்கையில் வளைந்திருக்கிறது.