கொழுந்துத் தராசுக்கு என்ன விலை வைப்பது?

ஹட்டனில் உயர்தர வகுப்பில் வணிகக் கல்வி பயிலும் மாணவி ஒருவர் சென்ற மாதம் எனக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தார். புதுப் பொருளுக்கு முதலில் உயர்ந்த விலை வைத்துப் பின்னர் படிப்படியாகக் குறைப்பது ஆடை நீக்கல் விலையிடல் என்றும், தொடக்கத்திலேயே தாழ்ந்த விலை வைத்துச் சந்தையைப் பிடிப்பது ஊடுருவல் விலையிடல் என்றும் தாம் படித்திருப்பதாகவும், ஆனால் எதை எப்போது தெரிவு செய்வது என்பது தமக்கு விளங்கவில்லை என்றும் அவர் எழுதியிருந்தார். கேள்வி பரீட்சைக்கானது மட்டுமன்று. அவருடைய அண்ணனும் இரு நண்பர்களும் தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து நிறுப்பதற்காக ஒரு மின்னணுத் தராசைச் செய்திருக்கிறார்கள், அதற்கு விலை வைக்க வேண்டியிருக்கிறது.

தராசைப் பற்றி அவர் எழுதியதைப் படித்தபோதே எனக்கு அதன் மீது மதிப்பு உண்டானது. கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் கொக்கியில் மாட்டிய சாக்கு ஆடிக்கொண்டிருக்கும்போது எண் 18.2, 18.9, 18.4 என்று ஓடிக்கொண்டே இருக்கும். யாரோ ஒருவர் அதில் ஒன்றைப் படித்துச் சொல்ல, கணக்கப்பிள்ளை எழுதிக்கொள்ள, ஈரத்துக்கும் சாக்குக்கும் என்று ஒரு பகுதி கழிக்கப்படும். பறித்தவருக்குக் கையில் ஒன்றும் மிஞ்சாது. இந்தத் தராசோ தொடர்ந்து அளந்து சராசரி எடுத்து, எண் நிலைத்ததும் அதைப் பூட்டி, மொத்த நிறையையும் கழிவையும் தனித்தனியாகப் பறித்தவரின் கைத்தொலைபேசிக்குக் குறுஞ்செய்தியாக அனுப்பிவிடுகிறது.

இனி விலைக்கு வருவோம். இவ்விரு முறைகளையும் 1950 ஆம் ஆண்டில் ஒன்றுக்கொன்று எதிராக நிறுத்தி விளக்கியவர் ஜோயல் டீன் என்ற அமெரிக்கப் பொருளியலாளர். அவர் சொன்னதன் சாரத்தை எண்களால் பார்ப்பதே எளிது. கணக்கு நேராக அமைவதற்காக நானே சில எண்களை வைத்துக்கொள்கிறேன்.

ஒரு தராசைச் செய்ய 15,000 ரூபா செலவாகிறது எனக் கொள்வோம். வாங்கக்கூடியவர்கள் மூன்று வகையினர். 60,000 ரூபா வரை கொடுக்கக்கூடிய தோட்ட அலுவலகங்களும் தொழிற்சாலைகளும் 40. 35,000 வரை கொடுக்கக்கூடிய, லொறி வைத்துக் கொழுந்து சேகரிப்போர் 160 பேர். 20,000 வரை மட்டுமே கொடுக்கக்கூடிய சிறுதோட்ட உரிமையாளர்கள் 800 பேர். எல்லோருக்கும் ஒரே விலை என்றால் 20,000 ரூபாவே சிறந்தது: ஆயிரம் தராசுகள், ஒவ்வொன்றிலும் 5,000, ஆக இலாபம் 50 இலட்சம். மாறாக, முதலாண்டு 60,000, இரண்டாமாண்டு 35,000, மூன்றாமாண்டு 20,000 என்று இறக்கிக்கொண்டே வந்தால் மூன்று வகையினரிடமும் அவரவர் கொடுக்கக்கூடிய உச்ச விலையைப் பெறலாம். இலாபம் 90 இலட்சம். காய்ச்சிய பாலின் மேலே திரண்ட ஆடையை முதலில் எடுத்துக்கொண்டு, பிறகு பாலை இறக்குவது போன்ற செயல் இது.

பாடம் பெரும்பாலும் இந்த இடத்தில் நின்றுவிடுகிறது. என்னை ஈர்க்கின்ற பகுதி இதற்குப் பிறகுதான் வருகிறது, ஏனென்றால் வாங்குபவருக்கும் கணக்குத் தெரியும்.

தோட்ட அலுவலகம் ஒன்றின் இடத்தில் இருந்து யோசித்துப் பாருங்கள். தராசு நான்கு ஆண்டுகள் உழைக்கும். 60,000 ரூபா மதிப்பு என்றால் ஆண்டுக்கு 15,000 ரூபாவுக்குரிய பயன். அடுத்த ஆண்டு விலை 35,000 ஆகிவிடும் என்று அவர்கள் அறிந்தால் என்ன செய்வார்கள்? ஓராண்டு காத்திருந்தால் இழப்பது 15,000, மிச்சப்படுவது 25,000. பழைய தராசையே இன்னும் ஓராண்டு தொங்கவிட்டுக்கொண்டு காத்திருப்பார்கள். அவர்களை இன்றே வாங்கச் செய்ய வேண்டுமானால், இன்றைய விலை அடுத்த ஆண்டு விலையைக் காட்டிலும் 15,000 ரூபாவுக்கு மேல் கூடியிருக்கக் கூடாது. கொழுந்து சேகரிப்போருக்கும் இதே கணக்குத்தான். அவர்களுடைய ஓராண்டுப் பயன் 8,750 ரூபா. ஆகவே மூன்றாமாண்டு 20,000 என்றால் இரண்டாமாண்டு அவர்கள் 28,750 க்கு மேல் கொடுக்க மாட்டார்கள். அப்படியானால் முதலாண்டு விலை 43,750 ஐத் தாண்ட முடியாது. 90 இலட்சம் என்று கண்ட இலாபம் இப்போது 73½ இலட்சமாகச் சுருங்கிவிட்டது.

விலையை ஆண்டுக்கு ஒருமுறை அல்லாமல் மூன்று மாதங்களுக்கு ஒருமுறை இறக்கினால் நிலைமை இன்னும் மோசமாகும். மூன்று மாதம் காத்திருப்பதால் தோட்டம் இழப்பது 3,750 ரூபா மட்டுமே. முன்பு போலவே கடைசியில் இருந்து எண்ணிக்கொண்டு வந்தால், முதல் விலை 26,000 ரூபாவைக்கூட எட்டாது. இலாபமும் 56 இலட்சம் அளவில் நின்றுவிடும். ஒரே விலையில் விற்றிருந்தாலே 50 இலட்சம் கிடைத்திருக்கும். அதாவது, ஆடையின் தடிப்பைத் தீர்மானிப்பது பொருளின் உயர்வு மட்டுமன்று. விற்பவர் எவ்வளவு காலம் விலையைக் குறைக்காமல் பொறுத்திருப்பார் என்று வாங்குபவர் நம்புகிறார் என்பதும்தான். நீடித்து உழைக்கும் பொருளை விற்கும் ஒரு முற்றுரிமையாளர் நினைத்தபோதெல்லாம் விலையைக் குறைக்கக்கூடியவராயின், போட்டியாளர் ஒருவருமே இல்லாவிட்டாலும் அவருடைய விலை உற்பத்திச் செலவை நோக்கிச் சரிந்துவிடும் என்ற கருத்தைப் பொருளியலாளர் ரொனால்ட் கோஸ் 1972 இல் முன்வைத்தார். ஒருவர் தமக்குத் தாமே போட்டியாளராகிவிடும் இந்த நிலையை முதன்முதலில் படித்தபோது நான் நெடுநேரம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

நடைமுறையில் இது எப்படி இருக்கும் என்பதற்கு ஐபோன் ஒரு நல்ல சான்று. 2007 ஜூன் 29 அன்று அமெரிக்காவில் 599 டொலருக்கு வந்த 8 ஜிபி ஐபோன், செப்டெம்பர் 5 அன்று 399 டொலராகக் குறைக்கப்பட்டது. இடையில் பத்து வாரங்கள்கூட ஆகவில்லை. முன்னரே வாங்கியவர்கள் கொதித்தெழவே, தன் கடைகளில் 100 டொலருக்குப் பொருள் வாங்கிக்கொள்ளும் சலுகையை அவர்களுக்கு வழங்குவதாக ஆப்பிள் மறுநாளே அறிவித்தது. இதை வெறும் மன்னிப்பாக நான் பார்க்கவில்லை. அடுத்த பொருள் வரும்போது ‘பத்து வாரம் பொறுப்போம்’ என்று மக்கள் எண்ணத் தொடங்கினால் அதனால் வரக்கூடிய இழப்பு அந்தத் தொகையை விடப் பெரியதாக இருந்திருக்கும்.

விலை இறங்கட்டும் என்று காத்திருக்கும் இந்த நோய் தொற்றியிருப்பதைக் கடையிலேயே கண்டுகொள்ளலாம். விசாரிப்பவர் தொகை குறையாமல் இருக்க, வாங்குபவர் தொகை மட்டும் குறைந்து, ‘எப்போது விலை இறங்கும்?’ என்ற கேள்வி கூடிக்கொண்டு போனால், மக்கள் பொருளை விரும்புகிறார்கள், விலையைத்தான் நம்பவில்லை என்று பொருள். விசாரிப்பும் சேர்ந்தே குறைந்தால் கோளாறு வேறிடத்தில் இருக்கிறது.

அப்படியானால் ஊடுருவல் விலை எப்போது? பொருளைப் பிறர் விரைவில் பின்பற்றிச் செய்துவிடக்கூடிய இடத்தில் அது பொருந்தும். தராசின் பெட்டியைத் திறந்தால் உள்ளே இருக்கும் பாரம் உணரியும் குறுஞ்செய்தி அனுப்பும் பலகையும் எவரும் இறக்குமதி செய்யக்கூடியவை. ஓராண்டில் கொழும்பு வியாபாரி ஒருவர் இதே போன்றதைக் கொண்டுவந்து எஞ்சிய சந்தை முழுவதையும் பிடித்துவிடுவார் என்றும், அதை வாங்குபவர்கள் முன்கூட்டி அறியவில்லை என்றும் கொள்வோம். ஆடை நீக்கியவருக்குக் கிடைப்பது முதலாண்டில் 40 தோட்டங்களிடம் பெற்ற 11½ இலட்சம் மட்டுமே.

அதே ஓராண்டில் 20,000 ரூபாவுக்கு விற்றால் ஆயிரம் தராசுகளும் போய்விடும் என்று எண்ணிவிடக் கூடாது, ஏனென்றால் ஆயிரம் தராசுகளைச் செய்ய 150 இலட்சம் வேண்டும். இளைஞர்களிடம் இருப்பது 6 இலட்சம். அதில் 40 தராசுகள் செய்யலாம்; விற்றால் 8 இலட்சம்; அதில் 53 தராசுகள். செய்து விற்றுப் பணம் கைக்கு வர இரண்டு மாதம் என்றால் ஆண்டுக்கு ஆறு சுற்று. மொத்தம் ஏறத்தாழ 550 தராசுகள். இலாபம் 27 இலட்சத்துக்கு மேல். ஊடுருவல் தெளிவாக வெல்கிறது. ஆனால் வாங்குபவர்கள் கடன் சொல்லிப் பணம் வர நான்கு மாதம் ஆகிவிட்டால் சுற்றுகள் மூன்றாகக் குறையும், 164 தராசுகள், இலாபம் 8 இலட்சத்துச் சொச்சம். இப்போது ஆடை நீக்கலே மேல், ஏனென்றால் அதற்கு 40 தராசுகளை ஒருமுறை செய்தால் போதும். பொருளும் சந்தையும் மாறவில்லை. பணம் திரும்பும் வேகம் மாறியதால் மட்டுமே விடை தலைகீழாகியிருக்கிறது. நம் இளைஞர்களின் கண்டுபிடிப்புகளுக்குக் கண்காட்சியில் கேடயமும் காசோலையும் கொடுப்பவர்கள், முதல் 200 பொருள்களைச் செய்வதற்கான சுழற்சி முதலைக் குறைந்த வட்டியில் கொடுத்தால், மலையகத்தில் எத்தனையோ கருவிகள் அலுமாரியில் தூங்காமல் சந்தைக்கு வந்திருக்கும் என்பது என் உறுதியான எண்ணம்.

எண்ணிக்கை கூடக் கூடச் செலவு தானாகவே குறையும், ஆகவே தாழ்ந்த விலை கட்டுப்படியாகும் என்ற வாதத்தையும் அம்மாணவி குறிப்பிட்டிருந்தார். விமான உற்பத்தியை ஆராய்ந்த ரைட் என்ற பொறியியலாளர், மொத்த எண்ணிக்கை இருமடங்காகும் ஒவ்வொரு முறையும் ஒரு விமானத்துக்கான தொழிலாளர் செலவு ஏறத்தாழ 20 சதவீதம் குறைவதாக 1936 இல் எழுதியது உண்மைதான். ஆனால் குறைவது கைவேலையின் செலவு. தராசின் 15,000 ரூபாவில் 11,000 இறக்குமதி உறுப்புகளுக்குப் போகிறது என்றால், 50 தராசில் இருந்து 800 தராசு வரை வளர்ந்தாலும் எஞ்சிய 4,000 ரூபா 1,600 அளவுக்கு இறங்குமே தவிர, உறுப்புகளின் விலை இவர்களின் கைப்பழக்கத்தால் இறங்காது. உறுப்புகளைத் தாமே செய்யும் பெருநிறுவனத்துக்குப் பொருந்தும் வாதம் இங்கே அவ்வளவாகப் பொருந்தாது.

ஆகவே அவருக்கு நான் எழுதிய பதில் இது. விலையைக் காலத்தால் பிரிக்காமல் பொருளால் பிரிக்கலாம். தோட்டங்களுக்கு 100 கிலோ வரை நிறுக்கின்ற, சிட்டை அச்சிடுகின்ற, மழைக்கும் மூடுபனிக்கும் தாங்கும் உறையுடைய தராசு ஒன்று; சிறுதோட்டக்காரருக்கு 30 கிலோ வரை நிறுத்துக் குறுஞ்செய்தி மட்டும் அனுப்பும் தராசு ஒன்று. பெரியது வேண்டியவர் சிறியதன் விலை இறங்கக் காத்திருப்பதில் பயனில்லை, ஏனென்றால் தொழிற்சாலைக்குச் சிட்டை இல்லாத தராசு உதவாது. பெரியதை முதலில் நாற்பது மட்டும் செய்து, ஓராண்டுக்கு விலை குறையாது என்றும், குறைந்தால் வித்தியாசத்தைத் திருப்பித் தருவோம் என்றும் சிட்டையிலேயே அச்சிட வேண்டும். விலையைக் குறைத்தால் தமக்கே நட்டம் என்ற நிலையைத் தாமே உண்டாக்கிக்கொள்வதால் அந்த வாக்குறுதியை வாங்குபவர் நம்புவார். வியாபாரத்தில் நிறுக்கும் தராசுக்கு அளவீட்டு அலகுகள் திணைக்களத்தின் சரிபார்ப்பும் முத்திரையும் தேவை என்பதால், அதற்குரிய காலத்தையும் செலவையும் முதலிலேயே கணக்கில் சேர்க்கும்படியும் எழுதினேன். அந்த முத்திரையைப் பின்னால் வருபவரும் பெற்றே ஆக வேண்டும் என்பதால், அதற்கு எத்தனை மாதம் பிடிக்கிறது என்று குறித்து வைத்துக்கொண்டால், சிறிய தராசைச் சந்தைக்குக் கொண்டுவர எவ்வளவு கால இடைவெளி இருக்கிறது என்பது அவர்களுக்கே தெரிந்துவிடும்.