ஞாயிற்றுக்கிழமையில் வந்த தவணை

என் சித்தப்பா மகன் விழுப்புரத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறான். இயந்திரம் வாங்க ஒரு நிதி நிறுவனத்தில் எடுத்த கடனுக்கு மாதம் 9,400 ரூபாய் தவணை. ஒவ்வொரு மாதமும் 10ஆம் தேதி அவனுடைய வங்கிக் கணக்கிலிருந்து தானாகவே பிடித்துக்கொள்வார்கள். 2025 ஆகஸ்ட் 10 ஞாயிற்றுக்கிழமை. முந்தின நாள் இரண்டாம் சனி. இரண்டு நாளும் வங்கி பூட்டியிருக்கும், திங்கட்கிழமைதான் பணம் எடுப்பார்கள் என்று அவன் கணக்குப் போட்டான். ஒரு பள்ளிக்கூடம் கொடுத்த 14,000 ரூபாய் காசோலையை வெள்ளிக்கிழமை மாலை வங்கிப் பெட்டியில் போட்டுவிட்டு வந்தான். அப்போது கணக்கில் இருந்தது 3,100 ரூபாய்.

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு உட்காரும்போது குறுஞ்செய்தி வந்தது: தவணை பவுன்ஸ் ஆகிவிட்டது. இருப்பு 2,805 ரூபாயாகக் குறைந்திருந்தது. "வங்கியே திறக்காத நாளில் யார் வந்து எடுத்தார்கள் அண்ணா?" என்று என்னிடம் கேட்டான். நான் சில வருடங்கள் வங்கியில் கடன் பிரிவில் இருந்தவன் என்பதால் இந்த மாதிரிக் கேள்விகள் எனக்குத்தான் வரும்.

அவன் போட்ட கணக்கு ஒரு காலத்தில் சரியாகத்தான் இருந்தது. தவணைகளைக் கணக்கிலிருந்து எடுக்கும் வேலையை வங்கிகளுக்கு நடுவில் 'நாச்' என்ற தீர்வகம் செய்கிறது. இந்தியத் தேசியக் கொடுப்பனவுக் கழகம் நடத்தும் அமைப்பு அது. 2021 ஜூலை வரை வங்கிகள் வேலை செய்யும் நாட்களில் மட்டுமே அது இயங்கியது. 10ஆம் தேதி ஞாயிறாக இருந்தால் எடுக்க ஆளில்லை. திங்கட்கிழமைதான் கோரிக்கை போகும். நிறுவனமே கேட்க முடியாத நாளுக்கு அபராதமும் கிடையாது. 2021 ஆகஸ்ட் 1 முதல் நாச் வாரத்தின் ஏழு நாளும் இயங்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி முடிவுசெய்தது. தொடங்கிய அந்த முதல் நாளே ஒரு ஞாயிற்றுக்கிழமை! மாதக் கடைசி விடுமுறையாக இருந்தாலும் சம்பளம் கணக்கில் ஏறுவதை அன்று எல்லோரும் வரவேற்றோம். அதே குழாய் வழியாகப் பணம் வெளியேயும் போகும் என்பதைப் பலர் கவனிக்கவில்லை.

காசோலைக்கு அந்தச் சலுகை கிடைக்கவில்லை. காசோலைத் தீர்வு இன்றும் வங்கி வேலைநாட்களில்தான். வெள்ளி மாலை நேரம் கடந்து பெட்டியில் விழுந்த காசோலை திங்கட்கிழமைதான் தீர்வுக்குப் போயிற்று. பணம் செவ்வாயன்று ஏறியது. ஆக விடுமுறை நாளில் பணம் வரும் வழி ஒன்று மூடியிருந்தது, போகும் வழி திறந்திருந்தது. அவன் மாட்டிக்கொண்டது இந்த இடைவெளியில்தான்.

நடந்ததைச் சற்று அருகில் போய்ப் பார்க்கலாம். கடன் வாங்கும்போது அவன் கையெழுத்திட்ட மேண்டேட் படிவம் ஒன்று இருக்கிறது. இன்ன நிறுவனம், இன்ன தொகைக்குள், என் கணக்கிலிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்ற அனுமதி அது. அதைக் காட்டி நிதி நிறுவனத்தின் வங்கி, அன்றைய தவணைகளையெல்லாம் ஒரே கோப்பாக நாச்சுக்கு அனுப்புகிறது. அது ஒவ்வொரு கோரிக்கையையும் உரிய வங்கிக்குத் தள்ளுகிறது. அங்கே கணினி கேட்பது ஒரே கேள்வி: 9,400 இருக்கிறதா? 9,399 இருந்தாலும் இல்லை என்றுதான் பதில். இருப்பதை எடுத்துக்கொண்டு மீதியைப் பிறகு கேட்கும் வழக்கம் இதில் கிடையாது. 'போதிய இருப்பு இல்லை' என்ற காரணத்தோடு கோரிக்கை திரும்பிவிடுகிறது. எந்தக் கிளையும் திறந்திருக்க வேண்டிய தேவையில்லை.

திங்கட்கிழமை காலை அவன் மனைவியின் கணக்கிலிருந்து யுபிஐ வழியாக 9,400 ரூபாயைக் கட்டிவிட்டான். தாமதம் ஒரே நாள். மொத்தச் செலவு 801 ரூபாய் 18 காசு. ஒரு நாளுக்கு இவ்வளவா என்று யாருக்கும் கோபம் வரும். ஆனால் அந்தத் தொகையைப் பிரித்துப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது.

அவனுடைய வங்கி, கோரிக்கையைத் திருப்பியதற்காக வரியோடு 295 ரூபாய் எடுத்தது. இருப்பு 2,805க்கு இறங்கியது அதனால்தான். நிதி நிறுவனம் தன் பங்குக்கு பவுன்ஸ் கட்டணம் 500 ரூபாய் போட்டது. பிறகு தாமதத்துக்கான அபராதம்: நிலுவைத் தொகைக்கு ஆண்டுக்கு 24 சதவீதம் என்பது அவனுடைய ஒப்பந்தம். 9,400 ரூபாய்க்கு ஒரு நாளைக்குக் கணக்கிட்டால் 6 ரூபாய் 18 காசு. அதாவது தாமதத்தின் விலை ஒரு தேநீர்க் காசுகூட இல்லை. மீதி 795 ரூபாயும் கோரிக்கை திரும்பியதற்காக. ஒரு நாள் கழித்துக் கட்டினாலும் பத்து நாள் கழித்துக் கட்டினாலும் அந்த 795 மாறாது. ஞாயிறு மாலையே கட்டியிருந்தாலும் மிச்சமாகியிருப்பது அந்த ஆறு ரூபாய்தான்.

ஞாயிறு மாலை கட்டினால் தாமதமே இல்லையா என்று கேட்கலாம். இல்லை. கடன் கணக்கில் ஒரு நாள் என்பது நிறுவனத்தின் கணினி நாள்முடிப்பு வேலையை ஓட்டும்வரை நீடிக்கிறது. தவணைத் தேதியின் நாள்முடிப்புக்கு முன் முழுத்தொகையும் வராவிட்டால் அந்தத் தேதியிலிருந்தே கடன் நிலுவையாகிறது என்று 2021 நவம்பரில் ரிசர்வ் வங்கி விளக்கம் கொடுத்தது. மறுநாள் வங்கி திறந்திருக்கிறதா என்று அந்தக் கணினி பார்ப்பதில்லை.

சட்டம் விடுமுறையைக் கணக்கில் எடுக்காதா? எடுக்கிறது, ஆனால் நாம் நினைக்கும் திசையில் அல்ல. 1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம் 25ஆம் பிரிவில், கடனுறுதிச் சீட்டின் முதிர்வு நாள் பொது விடுமுறையில் விழுந்தால் அதற்கு முந்தைய வேலைநாளே கெடு என்கிறது. பிந்தைய நாள் அல்ல, முந்தைய நாள்! மாதத் தவணை அந்தச் சீட்டு வகையைச் சேர்ந்ததல்ல. அதற்குக் கடன் ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் செல்லும். சில ஒப்பந்தங்களில் முந்தைய வேலைநாள் என்றிருக்கும், சிலவற்றில் அடுத்த வேலைநாள் என்றிருக்கும். என் தம்பியின் ஒப்பந்தத்தில் தேதி மட்டும் இருந்தது, விடுமுறை பற்றி ஒரு வரியும் இல்லை.

தாமத அபராதத்துக்கு ரிசர்வ் வங்கி உச்சவரம்பு எதுவும் வைக்கவில்லை. நியாயமான அளவில் இருக்க வேண்டும் என்று மட்டும் சொல்கிறது. ஆனால் 2023 ஆகஸ்டில் அது வெளியிட்ட சுற்றறிக்கை, அபராதத்தை வட்டி விகிதத்தோடு சேர்த்துக் கூட்டுவதைத் தடுத்தது. அபராதத்தை அசலில் ஏற்றி அதற்கும் வட்டி போடுவதும் கூடாது. 2024 ஏப்ரல் முதல் புதிய கடன்களுக்கு இது நடைமுறையில் இருக்கிறது. எனவே கடன் கணக்கு அறிக்கையில் அபராதம் தனி வரியாக நிற்கிறதா, அடுத்த மாதம் அதன்மேல் வட்டி ஏறியிருக்கிறதா என்று பார்ப்பது வீண் வேலை அல்ல.

தம்பிக்கு இன்னொரு ஆபத்தும் காத்திருந்தது. கோரிக்கை திரும்பினால் சில நிறுவனங்கள் அதே மேண்டேட்டைச் சில நாள் கழித்து மறுபடியும் அனுப்பும். அப்போதும் பணம் இல்லாவிட்டால் வங்கி மறுபடியும் 295 எடுக்கும். பணம் இருந்தால், ஏற்கெனவே யுபிஐயில் கட்டிய தவணை இரண்டாவது முறையும் போய்விடலாம். திங்கட்கிழமை கட்டிய கையோடு நிறுவனத்துக்கு ரசீது எண்ணை மின்னஞ்சலில் அனுப்பி, மறுகோரிக்கையை நிறுத்தச் சொல் என்றேன். அனுப்பினான். செவ்வாயன்று காசோலைப் பணம் 14,000 ஏறியது. அந்த வாரம் முழுவதும் கணக்கைத் திறந்து பார்த்துக்கொண்டே இருந்தான், யாரும் எடுக்கவில்லை.