மே மாத வெயிலில் எஃகு டேப் காட்டும் அளவு

ஐம்பது மீட்டர் எஃகு டேப்பின் தொடக்கத்தில், பூஜ்யக் கோட்டுக்கு அருகே, 20°C, 50N என்று சிறிய எழுத்தில் அச்சிட்டிருப்பதைப் பலர் பார்த்திருப்பார்கள். டேப் இருபது டிகிரி வெப்பத்தில் இருந்து, ஏறத்தாழ ஐந்து கிலோ இழுவிசையில் பிடிக்கப்பட்டால் மட்டுமே அதில் உள்ள கோடுகள் சொன்ன இடத்தில் இருக்கும் என்பது அதன் பொருள். நம் ஊர் கோடையில் காலை ஆறு மணிக்கே அந்த வெப்பம் கடந்துவிடும்.

சில ஆண்டுகளுக்கு முன் தொழிற்கூடம் ஒன்றின் தூண் அடித்தளங்களுக்கு நான் அளவு குறித்துக் கொடுத்தேன். நீளம் 48 மீட்டர், அகலம் 14 மீட்டர், தூண்களுக்கு இடையே ஆறு ஆறு மீட்டர். பிற்பகல் இரண்டு மணிக்கு, வெறுங்காலை வைக்க முடியாத பி.சி.சி. கான்கிரீட் தளத்தின் மேல் டேப்பை விரித்து எல்லாவற்றையும் குறித்தோம். மூலைவிட்டங்கள் இரண்டும் சரியாக 50.000 காட்டின, 48, 14, 50 என்பது பொருந்தும் செங்கோண முக்கோணம் என்பதால் நிம்மதியாகக் கிளம்பினேன். மறுநாள் அதிகாலையில், போல்ட்டுகளைப் பொருத்துவதற்கு முன், தூரத்தை மின்னணு முறையில் அளக்கும் டோட்டல் ஸ்டேஷன் கருவியை வைத்துப் பார்த்தபோது நீளம் 48.016 மீட்டர் என்று வந்தது. அதே டேப்பை எடுத்து மறுபடி அளந்தேன். முந்தைய நாள் 48.000 காட்டிய அதே டேப் 48.012 காட்டியது.

மூலைவிட்டச் சோதனை ஏன் காப்பாற்றவில்லை என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. சூடான டேப் நீளம், அகலம், மூலைவிட்டம் மூன்றையும் ஒரே விகிதத்தில் பெரிதாக்கியிருந்தது. ஆகவே மூலைகள் செங்கோணமாகவே இருந்தன, செவ்வகம் மட்டும் சற்றுப் பெரிதாகிவிட்டது. ஒரே டேப்பால், ஒரே வெப்பத்தில் செய்யும் எந்தச் சோதனையும் இந்தப் பிழையைக் காட்டாது. ஆறு மீட்டர் இடைவெளிகளைத் தனித்தனியாகப் பார்த்தாலும் பிழை இரண்டு மில்லிமீட்டர்தான். அதை யாரும் பொருட்படுத்தமாட்டார்கள்.

கணக்கு எளிது. எஃகு ஒவ்வொரு மீட்டருக்கும் ஒவ்வொரு டிகிரிக்கும் 0.0000116 மீட்டர் நீள்கிறது. C என்பது திருத்தம், L என்பது நீளம், T என்பது வெப்பம்.

```
C = 0.0000116 × L × (T − 20)
```

அன்று டேப்பின் வெப்பம் 48 டிகிரி என்று கொண்டால், 48 மீட்டருக்கு 28 டிகிரி வேறுபாட்டில் திருத்தம் 15.6 மில்லிமீட்டர் வருகிறது. மறுநாள் காலை 26 டிகிரியில் அது 3.3 மில்லிமீட்டர், டேப் காட்டிய 48.012 உடன் அதைக் கூட்டினால் டோட்டல் ஸ்டேஷன் சொன்னதற்கு ஒரு மில்லிமீட்டருக்குள் வந்துவிடுகிறது.

திருத்தத்தைக் கூட்டுவதா கழிப்பதா என்பதில்தான் அதிகம் தவறுகிறோம். மாற்றிச் செய்தால் பிழை நீங்காது, இரட்டிப்பாகும். சூடான டேப்பில் ஒரு மீட்டர் என்று எழுதியிருப்பது உண்மையில் ஒரு மீட்டரை விடச் சற்று நீளம் என்பதை மட்டும் நினைவில் வைத்தால் போதும். தரையில் ஏற்கெனவே இருக்கும் இரண்டு புள்ளிகளுக்கு இடையே அளந்தால், நீண்ட டேப் குறைவாகக் காட்டும், ஆகவே கூட்ட வேண்டும். புதிதாகப் புள்ளி குறித்தால், நீண்ட டேப் புள்ளியை அப்பால் தள்ளிவிடும், ஆகவே கழிக்க வேண்டும். அன்று நான் ஆணியை அடித்திருக்க வேண்டிய இடம் 48.000 அல்ல, 47.984.

இங்கே T என்பது டேப்பின் வெப்பம். கைப்பேசி காட்டும் காற்றின் வெப்பம் அல்ல. வெயிலில் தளத்தின் மேல் கிடக்கும் டேப் காற்றை விடப் பத்து டிகிரிக்கும் மேல் சூடாக இருக்கக்கூடும். தொட்டு அளக்கும் வெப்பமானியின் முனையை இரண்டு மூன்று இடங்களில் டேப்போடு ஒட்டிப் பார்த்துச் சராசரி எடுப்பது என் வழக்கம். தூர இருந்து குறிபார்த்து அளக்கும் அகச்சிவப்பு வெப்பமானி, வண்ணம் பூசாத பளபளக்கும் எஃகில் மிகக் குறைவாகக் காட்டும். டேப் மெல்லிய தகடு என்பதால் ஒரு மேகம் கடந்தாலே அதன் வெப்பம் மாறிவிடும். அளவை வாசிக்கும் அதே நேரத்தில் வெப்பத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும். ஸ்பிரிங் தராசு இல்லாமல் உதவியாளர் பலமாக இழுத்தால் அதுவும் டேப்பை நீட்டி, இதே திசையில் பிழையைக் கூட்டும்.

திருத்தவே கூடாத ஓர் இடமும் உண்டு. எஃகு உத்தரத்தை எஃகு டேப்பால் அளக்கும்போது இரண்டும் ஒரே வெப்பத்தில் இருந்தால், இரண்டும் சேர்ந்தே நீள்வதால், டேப் காட்டுவதே வரைபடத்தில் உள்ள இருபது டிகிரி நீளம். ஆனால் கனமான உத்தரம் மெதுவாகச் சூடேறும், டேப் உடனே சூடேறும். ஆகையால் உத்தரத்தை நிழலில் கிடத்தி, டேப்பையும் அதன் மேலேயே சிறிது நேரம் விரித்துவைத்த பிறகுதான் அங்கே அளவு எடுக்கிறேன்.