சொல் விளக்கம்: கான்டெக்ஸ்ட் விண்டோ

உரையாடல் செயலிகளுக்குப் பின்னால் இயங்கும் மொழி மாதிரி ஒரே சமயத்தில் படிக்கக்கூடிய உரையின் அளவுதான் கான்டெக்ஸ்ட் விண்டோ. டோக்கன் எனப்படும் சொல்துண்டுகளில் இதை எண்ணுவார்கள். ஒரே செய்தியைத் தமிழில் எழுதினால் ஆங்கிலத்தைவிடப் பெரும்பாலும் கூடுதல் துண்டுகள் ஆகும். அதனால் தமிழ் உரையாடலில் இடம் சீக்கிரம் நிரம்பிவிடும்.

'கான்டெக்ஸ்ட்' லத்தீனில் 'சேர்த்து நெய்தல்' என்ற வினையிலிருந்து வந்தது. மொழி ஆய்வில் முதலில் 'கான்டெக்ஸ்ட் விண்டோ' என்ற தொடர் ஒரு சொல்லுக்கு முன்னும் பின்னும் உள்ள சில சொற்களையே குறித்தது. சொற்களை எண்களாக மாற்றும், 2013இல் வந்த word2vec முறையிலும் அதே பொருள்தான். இன்று மாதிரியிடம் போய்ச் சேரும் மொத்த உரையையும் குறிக்கிறது.

காவேரிப்பட்டணம் பக்கத்து மா விவசாயி ஒருவரை எடுத்துக்கொள்வோம். முதல் செய்தியில் அவர் எழுதுகிறார்: "மூணு ஏக்கர் பெங்களூரா மா, கூழ் ஆலைக்குப் போகுது. சொட்டுநீர் போட்டிருக்கேன்." அப்புறம் பேச்சு தத்துப்பூச்சி, உரம், ஊடுபயிர் என்று நீள்கிறது. எல்லை 8,192 டோக்கன், ஒரு கேள்வியும் பதிலும் சேர்ந்து 700 என்று வைத்துக்கொள்ளுங்கள். 11 சுற்றுக்கு 7,700 ஆகிவிடும். 12ஆவது சுற்றுக்கு 8,400 வேண்டும், அதற்கு இடமில்லை. பல செயலிகள் இந்த நிலையில் மிகப் பழைய செய்தியை வெட்டிவிட்டு மீதியை அனுப்புகின்றன. சில செயலிகள் பழையதைச் சுருக்கி அனுப்பும்.

12ஆவது கேள்வி: "சரி, அந்த மரங்களுக்கு இப்ப எப்படித் தண்ணி விடணும்?" பதில்: "வட்டப்பாத்தி கட்டிப் பாய்ச்சுங்கள்." மா என்பது இடைச் செய்திகளில் இருந்ததால் பயிர் எது என்பதில் தவறு நேரவில்லை. சொட்டுநீர் முதல் செய்தியில் மட்டுமே இருந்தது, அது போய்விட்டது.

இதை மறதி என்பது சரியல்ல. ஒவ்வொரு முறையும் எல்லைக்குள் அடங்கும் உரையாடல் முழுவதும் புதிதாக அனுப்பப்படுகிறது, மாதிரி அதை முதலிலிருந்து படிக்கிறது. வந்து சேராத பகுதி அதற்கு இல்லாத பகுதிதான். வெட்டியதற்கு அடையாளம் எதுவும் வைக்காவிட்டால், 'அந்த' எதைச் சுட்டுகிறது என்று கேட்காமல் பொதுவான பதிலை நிரப்பிவிடும். விவசாயியின் திரையிலோ முதல் செய்தி அப்படியே தெரிகிறது. குழப்பமே அங்கேதான்.

சொன்னதையே திரும்பக் கேட்பதும் சொன்னதற்கு மாறாகப் பேசுவதும் இதன் அறிகுறிகள். "முதலில் என்ன சொன்னேன்?" என்று சோதிப்பதை நம்ப முடியாது, கற்பனையாகவும் பதில் வரும். ஏக்கர், ரகம், பாசனம் மூன்றையும் புதிய கேள்வியோடு மறுபடி எழுதுவதே உறுதியான வழி.

தமிழில் 'சூழல் சாளரம்' என்று எழுதுகிறார்கள். சொல்லுக்குச் சொல் சரிதான். ஆனால் இதற்கு ஓர் அளவு உண்டு, அது நிரம்பும் என்பது சாளரத்தில் தெரியவில்லை. நான் 'சூழல் எல்லை' என்றே எழுதுகிறேன். "உரையாடல் சூழல் எல்லையைத் தாண்டிவிட்டது" என்றால் காவேரிப்பட்டணத்துக்காரருக்கும் உடனே புரியும்.